வீட்டு வேலை முறை – ஒன்பதாவது வாரம்

சுதா (ஞாயிறு, மாலை 6.10)
அனைவருக்கும் வணக்கம். நாளை முதல் வீடு பெருக்கித் துடைப்பது மீனா அண்ணி, பாத்திரம் கதிர், துணி நான், குப்பையும் மோட்டாரும் சித்தப்பா. கடந்த 8 வாரங்களில் நால்வரும் ஒவ்வொரு வேலையையும் இரண்டு முறை செய்திருக்கிறோம். ஆனால், துடைக்கும் முறைக்காரரே ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் கழிவறைகளையும் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று வைத்திருக்கிறோம் அல்லவா, அது அண்ணிக்கு 2, எனக்கு 2, சித்தப்பாவுக்கும் கதிருக்கும் 0 என்று நிற்கிறது.

செல்வம் சித்தப்பா
நான் வேலையைத் தட்டிக் கழித்ததாகச் சொல்கிறாயா? என் முறையில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

சுதா
இல்லை சித்தப்பா, குறை உங்களிடம் இல்லை, முறையில்தான் இருக்கிறது. துடைக்கும் முறை நான்கு வாரத்துக்கு ஒருமுறை திரும்பி வருகிறது. கழிவறை 1, 3, 5, 7 என ஒற்றைப்படை வாரங்களில் மட்டும் வருவதால், எத்தனை மாதம் ஓடினாலும் அண்ணியிடமும் என்னிடமும்தான் வந்து நிற்கும்.

கதிர்
அப்படியானால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும், அக்கா. 1, 4, 7, 10 என்று வந்தால் நால்வருக்கும் ஒருமுறை கிடைத்துவிடும்.

மீனா அண்ணி
கணக்கு சரிதான், கதிர், ஆனால் இரண்டாவது வாரம் முடிவதற்குள்ளேயே உப்புத் தண்ணீர்க் கறை படிந்து, ஆசிட் ஊற்றினாலும் போகாத நிலைக்கு வந்துவிடுகிறது. கழிவறைக்குத் தனிப் பட்டியல் போட்டால் பாத்திரம் தேய்க்கும் வாரத்திலேயே அதுவும் ஒருவர் தலையில் விழும். அதனால் ஒரே ஒரு முறை மட்டும் 9-ஆம் வாரத்தைத் தாண்டி, 10, 12, 14, 16 ஆகிய வாரங்களில் கழுவுவோம். அவை சின்ன மாமாவும் கதிரும் துடைக்கும் வாரங்கள். 16-ஆம் வார முடிவில் நால்வருக்கும் இரண்டிரண்டு ஆகிவிடும்.

செல்வம் சித்தப்பா
பத்தாவது வாரம் எனக்கு இரவுப் பணி. பகலில் உறங்காவிட்டால் என்னால் முடியாது.

சுதா
அந்த வாரம் கதிருக்குத் துணி முறை, 12-ஆம் வாரம் உங்களுக்குத் துணி முறை. இரண்டு வாரங்களையும் முழுதாக மாற்றிக்கொண்டால் யாருடைய கணக்கும் குலையாது. ஒரு நாள், இரண்டு நாள் என்று மாற்றினால்தான் பின்னர் யார் யாருக்குக் கடன் என்பது விளங்காமல் போகிறது.

கதிர்
எனக்குச் சம்மதம்.

அம்மா
வெள்ளிக்கிழமைதோறும் பூஜைக்காக வீடு முழுவதையும் நானே கழுவி விடுகிறேனே, துடைக்கும் முறைக்காரருக்கு அன்று வேலையே இல்லை. அது எந்தக் கணக்கில் வருகிறது?

மீனா அண்ணி
நியாயமான கேள்வி, அத்தை. வெள்ளிக்கிழமைக் கழுவலை முறைக்காரரே செய்யலாம் என்பது என் எண்ணம்.

அம்மா
ஆறு மணிக்குள் முடிக்க வேண்டும். கதிர் எழுந்திருப்பானா?

சுதா
அதை இரவு உணவின்போது பேசிக்கொள்வோம். மாற்றிய பட்டியலைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டேன்.