12 வயதுக்குட்பட்டோருக்கு எந்த அளவிலான கால்பந்துக் கோல் பொருந்தும்?

வணக்கம். கோத்தகிரி அருகே, தேயிலைச் சரிவை வெட்டிச் சமப்படுத்திய எங்கள் ஊர் மைதானத்தில் 11, 12 வயதுப் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சி அளித்து வருகிறேன். பெரியவர்களுக்கான 24 அடி அகலமும் 8 அடி உயரமும் கொண்ட கோலும் 5ஆம் எண் பந்துமே இதுவரை எங்களிடம் இருந்தன. நாலரை அடி உயரமுள்ள கோல்காவலரின் தலைக்கு மேல் தூக்கியடித்தாலே கோல் விழுவதால், பிள்ளைகள் பந்தைக் கடத்தி ஆடுவதையே விட்டுவிட்டு, தொலைவிலிருந்து உதைக்கப் பழகிவிட்டார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பந்தை 4ஆம் எண்ணுக்கு மாற்றிவிட்டேன். சிக்கல் கோலில்தான். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் இவ்வயதினருக்கு ஒன்பதின்மர் ஆட்டம், 80க்கு 50 கெஜ மைதானம், 16க்கு 7 அடி கோல் என்று பரிந்துரைக்கிறது. எங்கள் இடமோ 60க்கு 40 கெஜம்தான். அது 10 வயதுக்குட்பட்டோரின் எழுவர் ஆட்டத்துக்குரிய அளவு, அதற்கான கோல் 12க்கு 6 அடி. ஒரு பக்கம் சரிவும் மறுபக்கம் பாறையும் இருப்பதால் மைதானத்தை விரிக்க இயலாது.

எழுவராக ஆடவிட்டு, கோலை மட்டும் 16க்கு 7 அடியாக வைக்கலாமா? குறுகிய மைதானத்தில் அது மீண்டும் தொலைவு உதையையே ஊக்குவிக்குமோ என்று தயங்குகிறேன். இவ்வாறு பயிற்சி அளித்தவர்கள் தங்கள் அனுபவத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.