சிப்பிக்காளான் அறையில் வெப்பம் மிகும்போது: உங்கள் அனுபவங்கள்

புதுப்படுக்கை:

வீட்டின் சிறிய அறை ஒன்றில் வெள்ளைச் சிப்பிக்காளான் வளர்த்து வருகிறேன். இம்முறை வைக்கோல் படுக்கைகளை மூன்றடுக்கு அலமாரியில் ஒன்றையொன்று தொடும்படி அடுக்கியிருந்தேன். சுவரில் மாட்டிய வெப்பமானி நண்பகலில் 29 டிகிரியும் இரவில் 26 டிகிரியும் காட்டியது. தரையை நனைத்து, ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குக் குறையாமலும் பார்த்துக்கொண்டேன். ஓரத்தில் இருந்த படுக்கைகள் எல்லாம் வெண்மையாகப் படர்ந்துவிட்டன. ஆனால் நடு அடுக்கின் நடுவில் இருந்தவை பாதியிலேயே நின்றுவிட்டன. அவற்றின் பைக்குள் மஞ்சள் நிற நீர் துளித்துளியாகக் கோத்திருக்கிறது, காற்றுத் துளையருகே முகர்ந்தால் புளித்த வாடை வருகிறது, ஒன்றில் பச்சைப் பூசணமும் தொடங்கியிருக்கிறது. வித்து எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், வைக்கோலும் ஒரே நாளில் வேகவைத்ததுதான். அறை 30 டிகிரியைத் தொடவே இல்லை என்னும்போது வெப்பத்தைக் குற்றம் சொல்லலாமா? இதுபோல் கண்டவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர வேண்டுகிறேன்.

ஈரச்சாக்கு:

எனக்கும் வெயில் காலத்தில் இப்படி நேர்ந்தது. காற்று வறண்டதுதான் காரணம் என்று கண்டு, அறையைச் சுற்றி நனைந்த சாக்குகளைத் தொங்கவிட்டு நாளுக்கு நான்கைந்து முறை தண்ணீர் தெளித்தேன், அதன்பின் படுக்கைகள் நன்றாக வந்தன. உங்கள் நடு அடுக்குக்குத் தெளிக்கும் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்றே நினைக்கிறேன். ஈரப்பதத்தை 95 விழுக்காட்டுக்கு உயர்த்திப் பாருங்கள், வெப்பம் தானாகவே அடங்கிவிடும்.

விதைப்புட்டி:

நனைந்த சாக்கு உதவியது என்பது உண்மை. ஆனால் அது உதவியதற்குக் காரணம் ஈரம் அன்று, ஆவியாகும் தண்ணீர் அறையின் வெப்பத்தை எடுத்துக்கொண்டதே என்பது என் கருத்து. வித்து பரவும் பருவத்தில் படுக்கை மூடிய பைக்குள் இருக்கிறது, அதற்குத் தேவையான ஈரம் வைக்கோலிலேயே இருக்கிறது. வெளியே 60 விழுக்காடு இருந்தாலும் 90 இருந்தாலும் உள்ளே இருக்கும் பூசண இழைக்கு அதனால் பெரிய வேறுபாடு இல்லை. ஈரப்பதம் உயிர்நாடியாவது பைக்கு வெளியே மொட்டு எட்டிப்பார்க்கும் நாளிலிருந்துதான்.

புதுப்படுக்கை சொன்ன அடையாளங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது அவை தோன்றிய இடம். ஓரத்தில் இருப்பவை நலமாக இருந்து நடுவில் இருப்பவை மட்டும் நின்றால், முதலில் ஐயப்பட வேண்டியது வித்தையோ வைக்கோலையோ அன்று, வெப்பம் தேங்கியதைத்தான். பூசண இழை வைக்கோலைத் தின்று வளரும்போது மூச்சுவிடுகிறது, அந்த மூச்சு வெப்பத்தை வெளியிடுகிறது. வித்திட்ட முதல் வாரக் கடைசியில், இழை வேகமாகப் படரும் நாள்களில், இந்த வெப்பம் உச்சத்தில் இருக்கும். தனியாகத் தொங்கும் படுக்கையில்கூட நடுப்பகுதி அறையைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும் என்றால், நான்கு பக்கமும் வேறு படுக்கைகள் அணைத்துக்கொண்டிருக்கும் படுக்கைக்கு வெப்பம் வெளியேற வழியே இல்லை. சுவரில் 29 காட்டும்போது அங்கே 35 அல்லது 36 இருப்பது வியப்பன்று.

வெள்ளைச் சிப்பியின் இழை 24 முதல் 28 டிகிரி வரை செழித்துப் படர்கிறது. 30 டிகிரியைத் தாண்டினால் தளர்கிறது, 35-க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் சேதமடைந்து மஞ்சள் நீரைக் கசியவிடுகிறது, 40-ஐ நெருங்கி ஒரு நாள் நீடித்தால் மீள்வது அரிது. பச்சைப் பூசணமோ 30 டிகிரியிலும் சுறுசுறுப்பாக இருக்கும். ஆகவே நம் இழை தளர்ந்த இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. அதைக் கண்டதும் வைக்கோல் சரியாக வேகவில்லை என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். வேகாத வைக்கோல் என்றால் பச்சை எல்லாப் படுக்கைகளிலும் ஆங்காங்கே தோன்ற வேண்டும், நடு அடுக்கை மட்டும் தேடிப் போயிருக்காது.

உறுதிசெய்வதும் எளிது. கம்பியின் நுனியில் உணரி உள்ள வெப்பமானி ஒன்றை இரண்டு படுக்கைகள் தொடும் இடத்தில் செருகி வைத்து, ஒரு பகலும் ஓர் இரவும் பாருங்கள். பையைக் குத்தி உள்ளே விட வேண்டாம், அந்தத் துளையே வேறு பூசணத்துக்கு வாசலாகிவிடும்.

நீள்காம்பு:

என் அறையிலும் வெப்பம்தான் தொல்லை தருகிறது என்று இப்போது புரிகிறது. என் காளான்களின் காம்பு விரல் நீளத்துக்கு வளர்ந்துவிடுகிறது, தலை மட்டும் சட்டைப் பொத்தான் அளவில் நின்றுவிடுகிறது. வெப்பம் உள்ளே நுழையாமல் இருக்கக் கதவு, சாளரம் எல்லாவற்றையும் நெகிழித் தாளால் அடைத்து வைத்திருக்கிறேன். அறை 25 டிகிரிக்கு மேல் போவதே இல்லை, ஈரப்பதமும் 90 இருக்கிறது. இன்னும் எவ்வளவு குளிரவைக்க வேண்டும்?

விதைப்புட்டி:

உங்களுடையது வேறு சிக்கல். காம்பு நீண்டு தலை சிறுத்தால் காற்று போதவில்லை என்று பொருள், கரியமில வாயு தேங்கியிருக்கிறது. வெப்பமும் ஈரமும் சரியாகவே உள்ளன, அடைப்பை எடுத்துவிட்டு அதிகாலையிலும் மாலையிலும் காற்றை மாற்றுங்கள். வெப்பத்தால் கெடும் காளான் இதற்கு மாறாகத் தோன்றும். தலை விரைவாக விரிந்து, மெலிந்து, நிறம் வெளிறி, விளிம்பு மேல்நோக்கிச் சுருளும். பறிக்க ஒரு பொழுது தாமதித்தாலும் அடியில் இருக்கும் பையின்மேல் வெண்பொடி படிந்துவிடும். அந்தப் பொடி காளானின் வித்துத்தூள், அதை நாள்தோறும் மூச்சில் இழுப்பவர்களுக்கு இருமலும் மூச்சுத்திணறலும் வரக்கூடும் என்பதால் முகக்கவசம் அணிந்தே உள்ளே செல்லுங்கள்.

ஈரச்சாக்கு:

மூடிய பைக்கு வெளி ஈரம் வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மொட்டு வந்த பிறகும் வெயில் நாள்களில் எனக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. காலையில் மானி 85 காட்டும்படி தெளித்துவிட்டுப் போவேன். நண்பகலில் திரும்பி வந்தால் 60-க்குச் சற்றே மேலே காட்டும், மொட்டுகளின் நுனி பழுப்பேறிச் சுருங்கியிருக்கும். அறை பூட்டியே இருக்கும்போது ஈரம் எங்கே போகிறது?

விதைப்புட்டி:

எங்கும் போகவில்லை. காற்று சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு கூடுகிறது, ஆகவே அதே ஈரம் இருந்தும் விழுக்காடு இறங்குகிறது. உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். 24 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 22 கிராம் நீராவியைத் தாங்கும். 85 விழுக்காடு என்றால் அதில் 18.5 கிராம் இருக்கிறது. நண்பகலில் அறை 30 டிகிரியாகும்போது அதே காற்று ஏறத்தாழ 30 கிராம் தாங்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. இருப்பதோ அதே 18.5 கிராம், எனவே மானி 61 காட்டுகிறது. ஒரு துளி நீரும் வெளியேறாமலேயே மொட்டு வறண்ட காற்றில் நிற்கிறது. தோல் தடிக்காத இளமொட்டு அதைத் தாங்காது.

சாக்குக்கும் ஓர் எல்லை உண்டு. வெளிக்காற்று 34 டிகிரியாகவும் ஈரப்பதம் 50 விழுக்காடாகவும் இருந்தால், நனைந்த சாக்கு வழியே வரும் காற்று மிகச் சிறந்த நிலையில் 26 டிகிரியை நெருங்கக்கூடும். அதே 34 டிகிரியில் ஈரப்பதம் 80 என்றால், எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் 31-க்குக் கீழே இறங்காது. புழுக்கமான நாள்களில் இன்னும் இன்னும் தெளிப்பவர்கள் குளிர்ச்சியைப் பெறுவதில்லை. காளானின் தலையில் நீர்ப்படலம் நிற்பதும், அது மஞ்சளாகிக் கொழகொழத்து அழுகுவதும்தான் மிச்சம். அத்தகைய நாள்களில் தெளிப்பதைக் குறைத்து, காற்றோட்டத்தைக் கூட்டி, தரைக்கு அருகிலுள்ள அடுக்கை மட்டும் பயன்படுத்துவதே நல்லது.

செம்மடல்:

நான் இளஞ்சிவப்புச் சிப்பி வளர்க்கிறேன். 30 டிகிரியில் நன்றாகவே விளைகிறது, ஆகவே 28-க்கு மேல் ஆகாது என்பதைப் பொதுவிதியாகச் சொல்வது சரியன்று. குளிர்நாட்டுச் சாம்பல் சிப்பிக்கு மொட்டு விட 20 டிகிரிக்கும் கீழே வேண்டும், இளஞ்சிவப்புக்கு அந்தக் குளிர் ஆகாது. வெப்பம் நீங்காத அறை உடையவர்கள் அறையோடு போராடுவதைவிட வகையை மாற்றிக்கொள்ளலாம். ஒரு குறை உண்டு, பறித்த அன்றே சமைத்துவிட வேண்டும், மறுநாளைக்குத் தாங்காது.

விதைப்புட்டி:

வகையைப் பற்றிச் சொன்னது சரி, நான் கொடுத்த எண்கள் வெள்ளைச் சிப்பிக்கு உரியவை. ஆனால் படுக்கை தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கும் என்பது இளஞ்சிவப்புக்கும் பொருந்தும். அறையே 30 இருக்கும்போது நெருக்கி அடுக்கினால் அதுவும் வெந்துவிடும்.

புதுப்படுக்கை:

சொன்னபடி உணரியைச் செருகிப் பார்த்தேன். சுவரில் 29 இருந்தபோது நடு அடுக்கில் இரண்டு படுக்கைகளுக்கிடையே 35 காட்டியது. நான் எதிர்பாராதது இரவு நிலைதான். அறை 26-க்கு இறங்கிய பிறகும் அங்கே 33 இருந்தது. அதாவது அந்தப் படுக்கைகளுக்கு இரவிலும் ஓய்வு கிடைக்கவில்லை. பச்சை கண்டதைப் பையோடு கட்டி வெளியேற்றிவிட்டேன். மற்றவற்றை ஒரு சாண் இடைவெளி விட்டுக் கயிற்றில் தொங்கவிட்டு, படுக்கைமேல் நேராக வீசாதபடி சிறிய விசிறி ஒன்றைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். இப்போது பையின் புறத்தே ஒட்டிய உணரி அறையைவிட இரண்டு டிகிரிதான் கூடுதலாகக் காட்டுகிறது. இனி செய்யும் படுக்கைகளின் விட்டத்தையும் குறைக்க எண்ணியிருக்கிறேன். மஞ்சள் நீர் கசிந்து, பச்சை இன்னும் தோன்றாத படுக்கைகளை வைத்துக்கொள்ளலாமா?

ஈரச்சாக்கு:

வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் அப்படி நின்றுபோனவை குளிர்ந்த மூலைக்கு மாற்றிய பிறகு மீண்டும் வெளுத்து, தாமதமாகவேனும் ஓர் அறுவடை தந்தன.

விதைப்புட்டி:

நான் வைத்துக்கொள்ள மாட்டேன். ஒரே அறையில் நலமான படுக்கைகள் இருக்கும்போது அந்தத் துணிவு எனக்கு வராது, பச்சைப் பூசணத்தின் தூள் விசிறிக் காற்றில் எளிதாகப் பரவும். வைத்தே தீர வேண்டுமானால் வேறு அறைக்குக் கொண்டுபோய் நாள்தோறும் முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை குறைந்து, வெள்ளை விளிம்பு நகர்ந்தால் காத்திருக்கலாம். வாடை கூடினால் அன்றே அப்புறப்படுத்துங்கள். இன்னொன்று, உங்கள் ஈரப்பதமானியையும் சோதியுங்கள். மூடிய டப்பாவுக்குள் ஈரமாகக் குழைத்த சமையல் உப்பை ஒரு சிறு கிண்ணத்தில் வைத்து, மானியையும் அதனுடன் ஓர் இரவு விட்டால் அது 75 காட்ட வேண்டும். மலிவான மானிகள் பலவும் அதிக ஈரத்தில் தவறாகவே காட்டுகின்றன. நீங்கள் 85 என்று நம்பியது உண்மையில் என்ன என்பது மொட்டு வரும் முன்பே தெரிந்தாக வேண்டும்.