டெய்லர் ட்ரெய்னிங் செலவு, லாபக் கணக்கு எப்படி போடறது?

திருப்பூர்ல சின்ன பனியன் யூனிட்ல எச்ஆர்ங்க. ஒரு லைனுக்கு மட்டும் ட்ரெய்னிங் குடுத்தோம், ட்ரெய்னர் ஃபீஸ், அந்த நாள்ல விட்டுப்போன புரொடக்‌ஷன் எல்லாம் சேத்து 2 லட்சம். அதுக்கப்புறம் ஓவர்டைம் பில் மாசம் 15,000 குறைஞ்சுது, ஆனா ட்ரெய்னிங் இல்லாத பக்கத்து லைன்லயும் 5,000 குறைஞ்சிருக்கு (ஆர்டர் டல்லுங்க), அதனால 10,000 மட்டும் எடுத்தேன், வருஷத்துக்கு 1,20,000. வேலைய விட்டு நின்னவங்க 20ல இருந்து 12 ஆச்சு, பக்கத்து லைன்ல மாறல, புது ஆள் ஒருத்தர் கைபழகற வரைக்கும் 9,000 போகுது, அதுல 72,000 மிச்சம். ஆக 1,92,000, மொதல் வருஷம் 8,000 இடிக்குது. ரெண்டாவது வருஷ பலனையும் சேக்கலாம்தான், ஆனா கத்துக்கிட்டவங்களும் கொஞ்ச பேர் போயிடறாங்களே, எவ்ளோ கழிக்கறது? ஓனர் நாளைக்கு கேப்பாரு, போட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.