ஒரு வருஷம் ஆச்சு, கல்யாணப் பேச்சு எடுத்தாலே நழுவறாரு

காட்பாடிப்பொண்ணு: பழக ஆரம்பிச்சு ஒரு வருஷம். கல்யாணம் எப்போன்னு கேட்டா "பாக்கலாம்"னு சொல்லிப் பேச்சை மாத்திடறாரு. மத்தபடி நல்லவரு. என்ன பண்றது? சீக்கிரம் சொல்லுங்க.

பாலாறு: வயசு, வேலை, ரெண்டு வீட்டுக்கும் தெரியுமா, ஒரே சாதியா? ஒண்ணுமே சொல்லலையே.

கோட்டைமூலை: மாசம் நாலு தடவை இதே கேள்வி. பழைய இழைய யாரும் படிக்கிறதில்ல. "பாக்கலாம்"னா மாட்டேன்னு அர்த்தம். அவ்ளோதான்.

காட்பாடிப்பொண்ணு: எனக்கு 26, அவருக்கு 28. ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில சூப்பர்வைசர். வேற சாதி, வீட்ல யாருக்கும் தெரியாது. அவங்க அக்காவுக்கு இன்னும் கல்யாணம் ஆகல.

பாலாறு: அக்கா விஷயத்தைத்தானே முதல்ல சொல்லணும்!

குடியாத்தம் டீச்சர்: "எப்போ"ன்னு கேட்டா அவரால பதில் சொல்ல முடியாதும்மா. அக்காவுக்கு வரன் அமையற தேதி அவர் கையில இல்ல. அவர் கையில இருக்கிறதைக் கேளு. எது முடிஞ்சா வீட்ல பேச்சை எடுப்பீங்க? முதல்ல யார்கிட்ட சொல்லுவீங்க? தை மாசத்துக்குள்ள அக்காவுக்கு அமையலன்னா என்ன பண்ணுவீங்க?

மூணாவது கேள்விதான் உரைகல். "அப்பவும் அம்மாகிட்ட சொல்லிடறேன், கல்யாணத்தை மட்டும் தள்ளி வெச்சுக்கலாம்"னா தடை அவங்க வீட்ல. இந்த மாசம் அக்கா, அடுத்த மாசம் கடன், அப்புறம் ப்ரமோஷன்னு காரணம் மாறிக்கிட்டே போனா தடை அவர்கிட்டயே.

சண்டை போட்ட கையோட கேக்காத, ராத்திரி போன்லயும் வேணாம். ஷிப்ட் இல்லாத ஞாயித்துக்கிழமை, கோட்டை அகழி ஓரமா நடந்துக்கிட்டே கேளு. எதிரெதிர உக்காந்தா விசாரணை மாதிரி ஆயிடும். உங்க வீட்ல எந்த மாசம் வரன் பாக்க ஆரம்பிப்பாங்கன்னும் சொல்லிடு, மிரட்டலா இல்லாம. பதிலுக்கு ரெண்டு வாரம் குடு.

ஆற்காட்டான்: எதுக்கு இவ்ளோ? ரிஜிஸ்டர் மேரேஜ் பண்ணிட்டு அப்புறம் வீட்ல சொல்லுங்க. ஒரே நாள் வேலை.

பாலாறு: ஒரே நாளா? 1954 சிறப்புத் திருமணச் சட்டம்னா 30 நாள் நோட்டீஸ், ஆபீஸ்ல ஒட்டுவாங்க.

ஆற்காட்டான்: ரெண்டு பேரும் இந்துன்னா அது தேவையில்ல. இந்து திருமணச் சட்டத்துல 7ஏ பிரிவு இருக்கு, மாலை மாத்தினாலே போதும்.

பாலாறு: இந்துன்னு அவங்க சொல்லவே இல்லையே. மாலை மாத்தினாலும் 90 நாளுக்குள்ள பதியணும், அது தனி வேலை.

குடியாத்தம் டீச்சர்: பேசவே மாட்டேங்கற மனுஷனை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எப்படிப்பா கூட்டிட்டுப் போவீங்க?

ஆம்பூர் அக்கா: என் வீட்டுக்காரரும் இப்படித்தான் இருந்தாரு, குலதெய்வத்துக்கு வேண்டிக்கிட்டதும் சரியாச்சு.

காட்பாடிப்பொண்ணு: ஞாயித்துக்கிழமை கேட்டேன். முதல் ரெண்டுக்கும் சட்டுனு சொன்னாரு, அக்கா கல்யாணம், அப்புறம் சித்தப்பாகிட்ட. மூணாவதுக்கு ரொம்ப நேரம் பேசாம நடந்தாரு. ரெண்டு வாரம் சொல்லியிருக்கேன்.

பாலாறு: சித்தப்பா பேரு வந்துச்சுன்னா யோசிச்சு வெச்சிருக்காரு.

கோட்டைமூலை: மூணாவதுக்கு வாய் திறக்கலையே. நான் முதல்லயே சொன்னேன்.