பச்சை ஏறிய உருளைக்கிழங்கு, சொலனின்: என்ன சொல் வைக்கலாம்?

மலர்விழி:

அனைவருக்கும் வணக்கம். பள்ளிகளில் சத்துணவு சமைக்கும் அக்காமாருக்கான சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். உருளைக்கிழங்குப் பக்கம் மட்டும் நிற்கிறது. இரண்டு சொற்கள் வேண்டும். கிழங்கு வெளிச்சத்தில் கிடந்து பச்சை நிறமாவதற்கு ஒன்று. அந்தக் கிழங்கிலும் அதன் முளையிலும் சேரும் சொலனின் என்ற நஞ்சுக்கு ஒன்று. இப்போதைக்குப் 'பசுமையாதல்', 'பச்சைநஞ்சு' என்று எழுதிவைத்திருக்கிறேன். படிக்கப்போகிறவர்கள் எட்டாவது, பத்தாவது வரை படித்தவர்கள். உதவுங்கள்.

திருநாவுக்கரசு:

அம்மா மலர்விழி, பசுமையாதல் வேண்டவே வேண்டாம். பசுமை என்றால் செழிப்பு. கெட்டுப்போவதற்கு அந்தச் சொல்லை வைத்தால் படிப்பவர் நல்ல கிழங்கு என்றே எடுத்துக்கொள்வார். நம்மிடம் 'பசத்தல்' இருக்கிறது. தலைவன் பிரிந்தபோது தலைவியின் மேனியில் படரும் நிறமாற்றம் பசப்பு. குறளில் பசப்புறு பருவரல் என்று ஓர் அதிகாரமே உண்டு. நோயால் வரும் நிறமாற்றத்துக்கு இதைவிடப் பொருந்திய சொல் வேறெந்த மொழியிலும் கிடைக்காது. கிழங்கு பசந்தது, பசந்த கிழங்கு, பசப்பு. எவ்வளவு இயல்பாக வினையாகவும் பெயராகவும் புழங்குகிறது பாருங்கள்.

கதிரேசன்:

ஐயா, இன்று பசப்பு என்றால் ஏமாற்றிப் பேசுவது. பசப்பிக் காரியம் சாதிப்பான் என்று ஊரில் சொல்வோம். சமையற்கூடத்தில் அது எடுபடாது. அப்புறம், சொலனின் என்று அப்படியே எழுதலாம் என யாராவது சொல்லும் முன் ஒன்று: சகரம் மொழிக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியம். ஆகவே மொழிபெயர்த்தே ஆகவேண்டும்.

ஆனால் இத்தனை பெரிய எச்சரிக்கை தேவையா? நன்றாக வேகவைத்தால் எந்த நஞ்சும் போய்விடும். எங்கள் வீட்டில் முளைத்த கிழங்கைக் கிள்ளிப் போட்டுவிட்டுக் காலங்காலமாகச் சமைக்கிறார்கள்.

சிவபாலன், யாழ்ப்பாணம்:

தம்பி கதிரேசன், அந்தச் சூத்திரம் சகரத்தை முழுக்க விலக்கவில்லை. அ, ஐ, ஔ என்ற மூன்றோடு சேர்ந்தால்தான் முதலில் வராது என்கிறது. 'சொ' தாராளமாக வரும். சொல் என்ற சொல்லே அப்படித்தானே தொடங்குகிறது. ஆகவே சொலனினுக்குத் தடை இல்லை. முன்பு வகுப்பில் வேதியியல் படிப்பித்தபோது, சொலனின் சேர்ந்த வேதிப்பொருள் வகையை நான் அல்கலோயிட்டு என்றுதான் எழுதினேன். காரப்போலி என்ற சொல்லும் அகராதிகளில் உண்டு. ஆனால் பிள்ளைகளுக்குக் காரம் என்றால் மிளகாய்தான் நினைவுக்கு வந்தது.

வசந்தா:

சொல்லுக்குப் போகும் முன் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். நான் உணவு வேதியியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். 'பச்சைநஞ்சு' என்ற பெயர் தவறான இடத்தைக் காட்டுகிறது என்பதே என் கவலை.

பச்சை என்பது வெறும் பச்சையம், கீரையில் இருப்பதேதான். அதனால் கெடுதல் இல்லை. வெளிச்சம் பட்டதும் கிழங்கின் தோலடியில் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. ஒன்றில் பச்சையம் உண்டாகிறது. இன்னொன்றில் சொலனினும், அதன் உடன்பிறப்பான சாக்கோனினும் கூடுகின்றன. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வருவதால் பச்சை நமக்கு நல்ல எச்சரிக்கை. ஆனால் அடிபட்ட, வெட்டுப்பட்ட, முளைவிட்ட கிழங்கில் பச்சையே இல்லாமலும் நஞ்சு கூடும். பச்சைநஞ்சு என்று எழுதினால், பச்சை இல்லாத முளைக்கிழங்கை ஓர் அக்கா தயங்காமல் சட்டியில் போடுவார்.

கதிரேசன், வேகவைத்தால் போகாது. இது கிருமி அல்ல, கொதிநீரில் அழியாத வேதிப்பொருள். கொஞ்சம் தண்ணீரில் இறங்கும், அவ்வளவுதான். பொரிக்கும் எண்ணெய் 170–180 பாகைச் சூட்டில் இருக்கும். அதிலும் பெரிதாகக் குறையாது. உங்கள் வீட்டில் முளையைக் கிள்ளுவது சரியான வேலை. நஞ்சு மிக அடர்த்தியாக இருப்பது முளையிலும் அது கிளம்பும் கண்ணிலும்தான், அடுத்துத் தோலில். சதைக்குள் மிகக் குறைவு. ஆகவே காப்பாற்றியது அடுப்பு அல்ல, கத்தி.

ஹமீது:

அம்மா, எனக்கு ஒரு சந்தேகம். சொலனின் மணத்தக்காளியிலும் இருக்கிறது என்று படித்தேன். வாய்ப்புண்ணுக்கு அந்தக் கீரைதான் எங்கள் வீட்டில் மருந்து. வற்றலும் போடுகிறோம். அதை நிறுத்திவிட வேண்டுமா?

வசந்தா:

நிறுத்த வேண்டாம். பழுத்த பழத்தில் மிகக் குறைவு, பச்சைக் காயில் கூடுதல். ஆனால் நீங்கள் கேட்டது பெயருக்கே தொடர்புடையது. 1820இல் டெஃபோசே என்ற பிரெஞ்சு மருந்தாளர் சொலனினை முதலில் பிரித்தெடுத்தது மணத்தக்காளி இனத்துப் பழத்திலிருந்துதான். அந்தப் பேரினத்தின் பெயர் சொலானம். கத்தரி, சுண்டை, உருளை எல்லாம் அதற்குள் வருகின்றன. உருளைக்கிழங்கை வைத்து இதற்குப் பெயர் வைத்தால், நாளை சுண்டைக்காய் பற்றி எழுதுகிறவர் இடறுவார்.

திருநாவுக்கரசு:

அப்படியானால் 'கத்தரியம்' என்று குடும்பத்தின் பெயராலேயே அழைக்கலாம். அல்லது சுவையை வைத்து 'கைப்பியம்'. அறுசுவையில் கைப்பு என்பதே பழைய வழக்கு, கசப்பு பின்னால் பரவியது. நைதல் என்பதிலிருந்தே நஞ்சு பிறந்தது என்று நான் கருதுகிறேன். உடலை நைக்கச் செய்வது நஞ்சு. நச்சுதல் விரும்புதல் என்றும் பொருள்படும். விரும்பி உண்டது நைவிக்கிறது என்ற இரண்டு பொருளும் 'கைப்புநஞ்சு' என்ற தொடரில் அடங்கிவிடுகின்றன. வசந்தா அம்மா, இது உண்மையில் கசக்குமா?

வசந்தா:

கசக்கும் ஐயா. கிலோவுக்கு ஏறத்தாழ 140 மில்லிகிராம் தாண்டினால் நாக்குக்குத் தெரியும். 200ஐத் தாண்டினால் தொண்டை எரியும். விற்பனைக்கு வரும் கிழங்குக்குப் பல நாடுகளில் சொல்லப்படும் உச்ச அளவும் அந்த 200தான். ஆனால் நாம் புளியும் மிளகாய்த்தூளும் போட்டுச் சமைக்கிறோம், கசப்பு மறைந்துவிடும். ஐயம் இருந்தால் உப்புப் போடாமல் ஒரு சிறு துண்டை வேகவைத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம். கசந்தால் அந்தச் சாக்கையே ஒதுக்கவேண்டும்.

பிள்ளைகளுக்கு இது ஏன் முக்கியம் என்றால், கணக்கு உடல் எடையைப் பொறுத்தது. உடல் எடை கிலோ ஒன்றுக்கு 1 மில்லிகிராம் உள்ளே போனாலே சிலருக்கு வயிற்றுக்கோளாறு தொடங்கலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் சொன்னது. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 20 மில்லிகிராம். உச்ச அளவைத் தொட்ட கிழங்கில் 100 கிராம் தின்றாலே அது வந்துவிடும். முளையானால் பத்துக் கிராமுக்கும் குறைவாகவே போதும்.

சொலனின் குடலின் உயிரணுச் சவ்வில் உள்ள கொழுப்போடு ஒட்டி அதை ஓட்டையாக்குகிறது. அதனால்தான் வாந்தி, வயிற்றுவலி, பேதி. இன்னொரு பக்கம், நரம்புச் செய்தி முடிந்ததும் அந்தச் செய்திப்பொருளை அகற்றும் நொதியை இது தடுக்கிறது. அதிகமாக உள்ளே போனால் மயக்கமும் குழப்பமும் வருவது அதனால் என்கிறார்கள்.

லண்டனின் லூயிஷாம் பகுதிப் பள்ளி ஒன்றில் 78 மாணவர்கள் இப்படி நோயுற்றதை 1979இல் வந்த ஒரு மருத்துவக் கட்டுரை விவரிக்கிறது. முந்தைய பருவத்தில் மிச்சமான ஒரு மூட்டைக் கிழங்கை விடுமுறை கழிந்து சமைத்திருந்தார்கள். 17 பேரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது, எல்லோரும் பிழைத்தார்கள். சாப்பிட்டு 7 மணி நேரத்துக்குப் பிறகே அறிகுறி தொடங்கியதால் மதியச் சாப்பாட்டை யாரும் உடனே சந்தேகிக்கவில்லை. நம் பள்ளிகளுக்கும் கோடை விடுமுறை உண்டு, மிச்ச மூட்டையும் உண்டு. மலர்விழி, கையேட்டில் இதைக் கட்டாயம் சேருங்கள்.

ராதா, கோத்தகிரி:

எங்கள் வீட்டில் உருளை போடுவோம். இங்கே யாரும் பசப்பு என்றோ பசுமையாதல் என்றோ சொல்வதில்லை. 'பச்சை ஏறின கிழங்கு' என்போம். செடி வளரும்போது மண் அணைக்காவிட்டால் மேலாக இருக்கும் கிழங்கில் வெயில் பட்டுப் பச்சை ஏறும். ஒரே கிழங்கில் மண்ணுக்குள் இருந்த பாதி வெள்ளையாகவும் வெளியே தெரிந்த பாதி பச்சையாகவும் இருக்கும். அதைச் சந்தைக்கு அனுப்பமாட்டோம். விதைக்கிழங்கை மட்டும் வேண்டுமென்றே மங்கலான வெளிச்சத்தில் பரப்பிப் பச்சை ஏறவிடுவோம். முளை குட்டையாக, திடமாக வரும்.

கையேட்டில் இன்னொன்றும் சேர்க்கவேண்டும். ஊட்டிக் கிழங்கு செம்மண் ஒட்டியபடியே வரும். மண்ணோடு பார்த்தால் பச்சை தெரியாது. கழுவிய பிறகு பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கடையில் குழல்விளக்கின் கீழே குவித்தாலும், கண்ணாடிபோன்ற பையில் போட்டாலும் சில நாளில் ஏறிவிடும். சாக்கில், இருட்டில் வைக்கவேண்டும்.

சிவபாலன், யாழ்ப்பாணம்:

ராதா சொன்ன 'பச்சை ஏறின' என்பதை எடுத்துக்கொள்வோம். திருநாவுக்கரசு ஐயாவின் பசப்பில் எனக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. விளக்கு அணையக் காத்திருக்கும் இருள்போலப் பசப்பு காத்திருக்கிறது என்கிறது குறள். அங்கே ஒளி போனால் வருவது பசப்பு. கிழங்கில் ஒளி வந்தால் வருகிறது. உவமை தலைகீழாகிறது.

திருநாவுக்கரசு:

அந்தக் குறளில் ஒளி என்பது தழுவல். தழுவல் தளர்ந்தால் பசப்பு. மண் கிழங்கைத் தழுவியிருக்கிறது, அது விலகினால் பசக்கிறது. உவமை நேராகவே நிற்கிறது. ராதாவின் மண் அணைத்தலே எனக்குச் சான்று.

கதிரேசன்:

மண் அணைத்தல் நல்ல சான்றுதான் ஐயா, ஆனால் சமைக்கிறவருக்கு 'பச்சை ஏறின' போதும். நஞ்சுக்குச் சொலனின் இருக்கட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். கொஞ்சம் பச்சை இருந்தால் செதுக்கிவிட்டுச் சமைக்கலாமா, முழுக்கக் கொட்டவேண்டுமா? கொட்டச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். கணக்குப் பார்த்துத்தான் கிழங்கு வருகிறது.

வசந்தா:

வீட்டில் பெரியவர்களுக்கு என்றால், கிழங்கு கெட்டியாக இருந்து, ஓரத்தில் சிறு பச்சையோ ஒன்றிரண்டு முளையோ இருந்தால், முளையைக் கண்ணோடு தோண்டிவிட்டு, தோலைத் தடிப்பாகச் சீவி, பச்சை தெரியும் இடத்துக்குக் கீழேயும் கொஞ்சம் வெட்டிச் சமைக்கலாம். சுருங்கியது, பல இடத்தில் முளைத்தது, உள்ளேயும் பச்சை தெரிவது எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளுக்குக் கிழங்கு கிழங்காகச் செதுக்க யாருக்கும் நேரம் இராது. அங்கே ஒதுக்குவதுதான் நல்லது என்பது என் கருத்து.

மலர்விழி:

அனைவருக்கும் நன்றி. இப்படி எழுதுகிறேன்: 'பச்சை ஏறிய, முளைத்த கிழங்கில் சொலனின் என்ற கசப்பு நஞ்சு கூடுகிறது. வேகவைத்தாலும் பொரித்தாலும் அது போகாது.' ஒதுக்குவதா செதுக்குவதா என்பதைக் கையேட்டின் மூலத்தை எழுதியவர்களிடம் கேட்டிருக்கிறேன். மூலத்தில் செதுக்கச் சொல்லித்தான் இருக்கிறது. நானாக மாற்ற முடியாது.

திருநாவுக்கரசு:

கையேட்டுக்கு அது போதும். குழுமத்தின் சொற்பட்டியலில் மட்டும் 'பசப்பு', 'கைப்புநஞ்சு' இரண்டையும் மாற்றுச் சொற்களாகப் பதிவு செய்யுங்கள். சொலனின் என்பதைத் தமிழ்ச் சொல்லாக நான் ஏற்கவில்லை.

வசந்தா:

கைப்புநஞ்சைச் சேர்க்கலாம், ஆனால் சாக்கோனினும் கசக்கும். உருளையில் பெரும்பாலும் அதுதான் சொலனினைவிடக் கூடுதல். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பொதுப்பெயராக வேண்டுமானால் வைக்கலாம். மலர்விழி, மூலத்தை எழுதியவர்கள் பதில் சொல்லாவிட்டால், வெள்ளிக்கு முன் அவர்களோடு நானே பேசுகிறேன். எண்ணைத் தனியாக அனுப்புங்கள்.