அலிபாக் கடற்கோட்டைக்கு நடந்து செல்ல நண்பகல் 12 மணி வற்றம் பொருந்துமா?

செம்பூர்க்காரன்:
வரும் சனிக்கிழமை குடும்பத்துடன் கடற்கோட்டைக்கு நடந்து போகத் திட்டமிட்டுள்ளோம். கடல் ஏற்ற வற்ற அட்டவணையில் வற்றம், அதாவது கடல் மிகக் கீழே இறங்கும் நேரம், நண்பகல் 12 மணி என்று இருக்கிறது. 11 மணிக்கு இறங்கி 1 மணிக்குள் கரைக்குத் திரும்பினால் போதுமா? படகுச் சீட்டு எடுக்க வேண்டியிருப்பதால் விரைவில் பதில் சொன்னால் நல்லது.

மாட்டுங்கா மாமி:
எந்தக் கோட்டை? ஹாஜி அலி தர்காவைச் சொல்கிறீர்கள் என்றால் அங்கே கட்டிய பாதையே இருக்கிறது. ஏற்றத்தில் அது மூழ்கும், வற்றத்தில் வெளியே வரும். கூட்டத்தைப் பார்த்துப் பின்னால் போனால் போதும், கணக்கே வேண்டாம்.

செம்பூர்க்காரன்:
தர்கா இல்லை மாமி, அலிபாக்கில் உள்ள கொலாபா கோட்டை. மும்பை கேட்வேயில் படகு ஏறி மாண்ட்வாவில் இறங்கிப் போவோம்.

பழைய மாலுமி:
வற்றத்தின் நேரத்தை மட்டும் எழுதிவிட்டு உயரத்தை விட்டுவிடுபவர்களுக்குப் பதில் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது. அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்திலேயே மீட்டர் கணக்கு அச்சிட்டிருக்கும். அது என்ன, யார் யார் வருகிறார்கள், கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் எழுதுங்கள், பிறகு பேசலாம்.

முத்துநகர் செல்வம்:
எங்கள் தூத்துக்குடிப் பக்கம் கடல் ஏறுவதும் இறங்குவதும் ஒரு மீட்டர்கூட இருக்காது. பாறைக்கு நடந்து போய் மாலை வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்புவோம், முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. இதற்குப் போய் இவ்வளவு விசாரணை எதற்கு?

பழைய மாலுமி:
தம்பி, மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சராசரியாக மூன்றரை மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். இரண்டு ஆள் உயரத் தண்ணீர் ஆறே கால் மணி நேரத்தில் வந்து போகும் இடத்தில் தூத்துக்குடிப் பழக்கம் ஆளைக் கொன்றுவிடும்.

செம்பூர்க்காரன்:
அட்டவணையில் உள்ளபடி: காலை 5.50 ஏற்றம் 3.4, நண்பகல் 11.58 வற்றம் 1.7, மாலை 6.10 ஏற்றம் 3.2. தூரம் வரைபடத்தில் அளந்ததில் 1.2 கிலோமீட்டர் வந்தது. நான், மனைவி, பத்து வயது மகன், அப்பாவுக்கு அறுபத்தெட்டு.

சயான் ராகவி:
வீட்டு நாட்காட்டியில் சனிக்கிழமை என்ன திதி என்று பாருங்கள், அஷ்டமியை ஒட்டித்தான் இருக்கும். மும்பையில் நண்பகல் வற்றம் என்றாலே பெரும்பாலும் அரைநிலவை ஒட்டிய நாட்கள்தான். அந்நாட்களில் ஏற்றமும் குறைவாக இருக்கும், வற்றமும் அரைகுறையாகவே நிற்கும். அமாவாசை, பௌர்ணமியில் இது தலைகீழாகி, ஏற்றம் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டியும், நல்ல வற்றம் காலை, மாலை ஆறு மணியை ஒட்டியும் விழும். நீங்கள் வசதியான நேரத்தைப் பார்த்திருக்கிறீர்கள், ஆனால் அந்த நேரத்தில் கடல் விலகாது.

பாதை எந்த மட்டத்தில் வெளியே தெரியும் என்பதை அங்கே குதிரை வண்டி ஓட்டுபவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் நேரத்தை அன்றைய அட்டவணையோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கணக்குக்காக 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சனிக்கிழமை கடல் மிகக் கீழே இருக்கும் 11.58-க்கும் பாதையின் மேல் அரை மீட்டர் தண்ணீர் நிற்கும். மகனுக்கு அது முழங்காலுக்கு மேல்.

தாதர் ஆனந்தன்:
அப்படியென்றால் அமாவாசை அன்று போகச் சொல்கிறீர்களா? அமாவாசையில் கடல் பொங்கும், அன்று கரைக்கே போகக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை.

சயான் ராகவி:
பொங்குவதும் உண்மை, அதே நாளில் மற்ற நாட்களைவிட அதிகமாக உள்வாங்குவதும் உண்மை. ஆபத்து எங்கே என்றால், அன்று திரும்பி வரும் தண்ணீர் வேகமாக வரும். வற்றத்துக்குப் பிறகு முதல் ஒரு மணி நேரத்தில் மொத்த உயர்வில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும். இரண்டாம் மணியில் இரண்டு பங்கு, மூன்றாம், நான்காம் மணிகளில் மும்மூன்று பங்கு, அதன் பிறகு தணியும். முதல் மணி நேரத்தில் கடல் அசையாதது போல் தெரிவதால்தான் மக்கள் ஏமாறுகிறார்கள்.

தாதர் ஆனந்தன்:
பன்னிரண்டு பங்குக் கணக்கெல்லாம் பழைய காலம். கைப்பேசிச் செயலி வளைகோடாகவே வரைந்து காட்டுகிறது, 1.2-ஐத் தொடும் இடத்தைப் பார்த்துக்கொண்டால் முடிந்தது.

பழைய மாலுமி:
உங்கள் செயலி எந்த மட்டத்தைச் சுழியமாக வைத்திருக்கிறது என்று தெரியுமா? துறைமுக அட்டவணையில் மும்பையின் சராசரி நீர்மட்டமே ஏறத்தாழ 2.5 மீட்டர். சில செயலிகள் அந்தச் சராசரியைச் சுழியமாக எடுத்துக்கொள்வதால் வற்றத்தைக் கழித்தல் குறியோடு காட்டும். ஒன்றில் பாதையின் மட்டத்தையும் மற்றொன்றில் நேரத்தையும் எடுத்தால் இரண்டரை மீட்டர் பிழையோடு நடக்கிறீர்கள்.

தாதர் ஆனந்தன்:
என் செயலியில் கழித்தல் குறி வருவதே இல்லை. எல்லாச் செயலிகளையும் ஒரே கூடையில் போடாதீர்கள்.

பழைய மாலுமி:
வராததாலேயே அது சரியான சுழியம் என்று ஆகிவிடாது. துறைமுக அட்டவணையின் ஒரு நாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

சயான் ராகவி:
இருவரும் தனியாகத் தொடருங்கள். செம்பூர்க்காரருக்கு: பௌர்ணமிக்கோ அமாவாசைக்கோ ஓரிரு நாள் முன்பாக, வற்றம் மாலை ஐந்து மணியை ஒட்டி வரும் ஒரு நாளைத் தேடுங்கள். எடுத்துக்காட்டாக அட்டவணை இப்படி இருக்கிறது என்று கொள்வோம்: காலை 10.45 ஏற்றம் 4.0, மாலை 4.50 வற்றம் 0.8, இரவு 10.55 ஏற்றம் 3.9. இறங்கும் பக்கத்தில் 1.2-ஐத் தொடுவது வற்றத்துக்கு ஏறத்தாழ ஒன்றே கால் மணி முன்பு, அதாவது 3.35. ஏறும் பக்கத்திலும் அதே அளவு, 6.05. இரண்டரை மணி நேரம் தாராளம் என்று தோன்றும்.

இப்போது நடையைச் சேர்ப்போம். சாலையில் மணிக்கு நான்கு கிலோமீட்டர் நடப்பவர் ஈர மணலிலும் பாசி படிந்த பாறையிலும் அதில் பாதிதான் நடப்பார், உங்கள் அப்பாவின் வேகம்தான் எல்லோருடைய வேகமும். மணிக்கு இரண்டு கிலோமீட்டர் என்றால் 36 நிமிடம், 40 என்று வையுங்கள். 3.45-க்கு இறங்கினால் 4.25-க்குக் கோட்டை வாசல். திரும்பும்போது கடைசி ஆள் கரையேறுவது 5.35-க்கு மேல் போகக் கூடாது, அரை மணி நேரம் கையிருப்பாக இருக்கட்டும். ஆகவே கோட்டையை விட்டு 4.55-க்குக் கிளம்பியாக வேண்டும். உள்ளே உங்களுக்குக் கிடைப்பது அரை மணி நேரம். வற்றம் 4.50-க்குத்தானே, இன்னும் நேரம் இருக்கிறது என்று அங்கே யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

இன்னொன்று. 1.2 என்பது பாதையின் மிகத் தாழ்ந்த இடத்துக்கான எண்ணாக இருக்க வேண்டும். நடுவில் உள்ள பள்ளம்தான் முதலில் நிரம்பும். நீங்கள் கோட்டையடியில் காய்ந்த பாறையில் நின்றுகொண்டிருக்கும்போதே உங்களுக்கும் கரைக்கும் இடையில் தண்ணீர் பக்கவாட்டில் புகுந்துவிடும். போகும் வழியில் எந்த இடத்தில் கணுக்கால் நனைந்தது, எவ்வளவு ஆழம் என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே திரும்பி வரும்போது ஆழம் கூடியிருந்து, நீரோட்டமும் பக்கவாட்டில் இழுத்தால், கடக்க முயலாமல் கோட்டைக்கே திரும்பிப் படகு கேளுங்கள்.

முத்துநகர் செல்வம்:
மழைக்காலத்திலும் இதே எண்கள்தானா?

சயான் ராகவி:
இல்லை. அட்டவணை நிலவையும் சூரியனையும் மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கடற்காற்று கரையை நோக்கித் தண்ணீரைத் தள்ளும் நாட்களில் வற்றம் அட்டவணையில் உள்ள அளவுக்கு இறங்காது, மணல் திட்டும் இடம் மாறும். மழைக்குப் பிறகு பாதையின் மட்டத்தைப் புதிதாகக் கேட்டறிய வேண்டும்.

செம்பூர்க்காரன்:
நாட்காட்டியில் அஷ்டமியேதான். பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டோம். அலிபாக்கில் உள்ள விடுதிக்காரரிடம் பாதை எப்போது தெரியும் என்று கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. அப்பாவைக் குதிரை வண்டியில் ஏற்றலாமா என்பதையும் யோசிக்கிறோம். நன்றி.

மாட்டுங்கா மாமி:
வண்டியில் ஏற்றினாலும் அந்தப் பள்ளம் வழியாகத்தானே வண்டியும் போக வேண்டும்?