வாய்கழுவியா, எச்சநீக்கியா?

காரைக்காலிலிருந்து:
வணக்கம். மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டு மாடியில் ஐந்து பேர் கூடி ஒயின் ருசி பார்க்கிறோம். ஆளுக்கு 50 மில்லி வீதம் நான்கு கோப்பை. குறிப்புத்தாளைத் தமிழில் அச்சிட உட்கார்ந்தேன். நிறம், மணம், புளிப்பு, துவர்ப்பு எல்லாம் தானாக வந்தன. ஒரு கோப்பைக்கும் அடுத்ததற்கும் நடுவே வாயைச் சரிசெய்யக் கொடுக்கும் தண்ணீர், ரொட்டித்துண்டு ஆகியவற்றுக்குப் பொதுப்பெயர்தான் கிடைக்கவில்லை. ‘பேலட் கிளென்சர்’ என்றே எழுதிவருகிறோம். ஒருவர் ‘வாய்கழுவி’ என்றார். சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது.

தஞ்சாவூரிலிருந்து:
இதில் குழப்பமே இல்லை. பேலட் என்றால் அண்ணம். தூய்மை செய்வது தூய்மி. ஆகவே ‘அண்ணத்தூய்மி’. அகராதியே வழிகாட்டுகிறது.

மயிலாடுதுறையிலிருந்து:
அகராதி சரி ஐயா, வாய்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பேலட் என்ற சொல்லை ஒயின் ருசிப்பவர்கள் சுவையறிவு என்ற பொருளில் ஆள்கிறார்கள். சுவை பெரும்பாலும் நாக்கிலும் மூக்கிலும் தெரிகிறது. முப்பது ஆண்டு வேதியியல் நடத்தியவள் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். சிவப்பு ஒயினிலுள்ள டானின் எச்சிலின் புரதத்தோடு சேர்ந்து திரிகிறது. எச்சிலின் வழவழப்புப் போய் வாய் வறண்டு இழுக்கிறது. கொட்டைப்பாக்கு மென்றவர்களுக்குத் தெரிந்த துவர்ப்புத்தான். இது ஒவ்வொரு மிடறுக்கும் ஏறிக்கொண்டே போகும், தண்ணீர் கொப்பளித்தால் அவ்வளவாக இறங்காது. நீக்க வேண்டியது அழுக்கை அல்ல, முந்தைய கோப்பையின் மிச்சத்தை. பெயரெச்சம், வினையெச்சம் என்று படித்தவர்கள்தானே நாம்? மிச்சத்துக்குச் ‘சுவையெச்சம்’, அதைக் குறைப்பதற்கு ‘எச்சநீக்கி’ என்று வைக்கலாம்.

கும்பகோணத்திலிருந்து:
விருந்து முடிந்தபின் வாய்க்கு எங்கள் ஊர்க் கொழுந்து வெற்றிலையை விட என்ன இருக்கிறது? தாம்பூலம் என்ற பெயர் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

மயிலாடுதுறையிலிருந்து:
தம்பி, அது விருந்து முடிந்தபின். இங்கே கேள்வி நடுவில் என்ன கொடுப்பது என்பது. வெற்றிலையின் காரமும் பாக்கின் துவர்ப்பும் வாயில் இருக்கும்போது அடுத்த கோப்பையில் ஒயின் எங்கே தெரியும்? நெல்லிக்காய் தின்றபின் வெறும் தண்ணீர் இனிக்கிறதே, அதுவும் சுவையெச்சந்தான்.

காரைக்காலிலிருந்து:
அம்மா, உங்கள் விளக்கத்தைப் படித்ததும் எங்கள் பழைய தவறு புரிந்தது. முதல் கூட்டத்தில் ஆர்வத்தில் கேபர்நே சோவிஞோன் என்ற சிவப்பு ஒயினை முதலில் ஊற்றினேன். பின்னால் வந்த வெள்ளை செனின் பிளாங் தண்ணீராகவும் வெறும் புளிப்பாகவும் தெரிந்தது. ஐந்து தாளிலும் ‘மோசம்’ என்று எழுதினோம். பாட்டில்மேல் பழி.

இப்போது வெள்ளை முதலில், பிறகு சிவப்பில் ஷிராஸ், அதன்பின் கேபர்நே. நான்காவது கோப்பையில், யாருக்கும் சொல்லாமல், அதே ஷிராஸை மறுபடி ஊற்றினேன். தண்ணீர் மட்டும் வைத்த நாளில் இரண்டாம் கோப்பைக்குத் துவர்ப்பு 5-க்கு 2 என்று எழுதிய பக்கத்துவீட்டு அண்ணன், நான்காவதற்கு 4 போட்டு, ‘இது வேறு ஒயின், முரடு’ என்று குறித்தார். அடுத்த மாதம் நெல்பொரி வைத்து, கோப்பைக்குக் கோப்பை ஐந்து நிமிடம் காத்திருந்தோம். 2-ம் 3-ம் வந்தன. முழுக்க நீங்கவில்லை.

மயிலாடுதுறையிலிருந்து:
ஒளித்து ஊற்றிய அந்தக் கோப்பைதான் நல்ல சோதனை. ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒயின் சூடாகியிருக்கும், காற்றும் பட்டிருக்கும். வித்தியாசம் முழுவதையும் வாயின்மேல் போட வேண்டாம். நெல்பொரியைத் தேர்ந்தது சரி. கடைப்பொரியில் பெரும்பாலும் உப்பு இருக்கும், உப்பு கசப்பை அமுக்கும். பீர் வைக்கும் நாளில் முறுக்கும் கூடாது என்பது அதனால்தான். தண்ணீரும் கவனம். கடலோரத்து ஆழ்குழாய் நீர் உவர்க்கிறதே. இனிப்பு ஒயின் இருந்தால் கடைசியில் வையுங்கள். முன்னால் வந்தால் பின்னது எல்லாம் புளிக்கும்.

தாளில் யாரும் வாய் திறக்குமுன் எழுதச் சொல்லுங்கள். ஒருவர் ‘நாவல்பழம்’ என்றால் ஐந்து பேருக்கும் நாவல்பழம் மணக்கும்.

தஞ்சாவூரிலிருந்து:
அண்ணத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் எச்சம் என்றதும் எங்கள் ஊரில் பெரிய கோயில் புறாக்கள்தான் நினைவுக்கு வரும். சாப்பிடும் பொருளுக்கு அந்தப் பெயரா? ‘மிச்சச்சுவை’, ‘சுவைமாற்றி’ என்று வைக்கலாமே.

மயிலாடுதுறையிலிருந்து:
மாற்றி என்றால் வேறு சுவை ஊட்டுவது போலாகிவிடும். வெற்றிலை செய்வது அதைத்தான். புறாவுக்கு என்னிடம் பதில் இல்லை.

காரைக்காலிலிருந்து:
நாளை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். ‘சுவையெச்சம்’ என்ற கட்டம் போட்டுவிட்டேன், கோப்பைக்குக் கோப்பை 5-க்கு எத்தனை என்று குறிக்க. பொரிக்கான கட்டத்தின் தலைப்பு இன்னும் காலி.